ஒரு நாள் தாமதத்துக்கு மூன்று மாத வட்டியா? அட்வான்ஸ் டாக்ஸ் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்

“ஜூன் மாதத் தவணையை ஒரே ஒரு நாள்தான் தாமதமாகக் கட்டினேன். அதற்கு 450 ரூபாய் வட்டியாம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2,000 ரூபாய் காட்டுகிறது. கம்ப்யூட்டர் தப்பாகக் கணக்குப் போடுகிறதா?” என்று கேட்டு, மதுரையிலிருந்து ஒரு வாசகி தன் வரிச் சலான்களின் படங்களை நமக்கு அனுப்பியிருந்தார்.

நல்ல கேள்வி. வங்கிக் கடனில் ஒரு நாள் தாமதமென்றால் ஒரு நாள் வட்டிதான். அந்தக் கணக்குப்படி 15,000 ரூபாய்க்கு ஐந்து ரூபாய்கூட வராது. ஆனால் அட்வான்ஸ் டாக்ஸ் வட்டி வேறு மாதிரி ஓடுகிறது. அவருடைய சலான்களையே வைத்து, முதல் ரூபாயிலிருந்து கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். கூட்டல் எளிதாக இருக்க, அவர் கட்ட வேண்டிய மொத்த வரியை மட்டும் ஒரு முழு எண்ணாக்கிக்கொள்கிறேன்.

அவர் தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவர். வயது ஐம்பதைத் தாண்டவில்லை. சம்பளத்துக்கான வரியை அலுவலகமே பிடித்துக்கொள்கிறது. அது தவிர, அப்பா வழியில் வந்த இரண்டு கடைகளின் வாடகை இருக்கிறது. வாடகைக்கு யாரும் டி.டி.எஸ். பிடிப்பதில்லை. 2025-26 நிதியாண்டில் மொத்த வருமானத்துக்கான வரியைக் கணக்கிட்டு, அலுவலகம் பிடித்த டி.டி.எஸ்ஸைக் கழித்தால், மிச்சம் 1,00,000 ரூபாய். வட்டிக் கணக்கு முழுக்க இந்த ஒரு லட்சத்தின் மேல்தான் நிற்கிறது.

டி.டி.எஸ். போக மிச்ச வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், அதை ஆண்டு முடியும் வரை கையில் வைத்திருக்க முடியாது. நான்கு தவணைகளில் கட்ட வேண்டும். ஜூன் 15-க்குள 15 சதவிகிதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் 100. இவை ஒவ்வொன்றும் அதுவரை கட்டியதன் மொத்தம். செப்டம்பரில் புதிதாக 45 சதவிகிதம் கட்டச் சொல்லவில்லை. ஜூனில் கட்டியதையும் சேர்த்து 45 வந்திருந்தால் போதும்.

நம் வாசகி கட்டியது இப்படி: 2025 ஜூன் 17-ல் 15,000 ரூபாய். செப்டம்பர் 12-ல் 22,250. டிசம்பர் 10-ல் 20,000. 2026 மார்ச் 24-ல் 30,000. மொத்தம் 87,250 ரூபாய். மிச்சம் 12,750 ரூபாயை ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது, ஜூலை 20-ம் தேதி கட்டுவதாக இருக்கிறார். இது 2025-26 வருமானம் என்பதால், கணக்கு 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படியே நடக்கிறது. 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தை இதில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஜூன்: 17-ம் தேதி ஏன் ‘ஒரு நாள்’ தாமதம்?

2025 ஜூன் 15 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடைசி நாளில் வங்கி விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில் கட்டலாம், அதற்கு வட்டி கிடையாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 1994-லேயே, 676-ம் எண் சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. எனவே ஜூன் 16, திங்கட்கிழமை கட்டியிருந்தால் தப்பித்திருப்பார். அவர் கட்டியது செவ்வாய்க்கிழமை. (இப்படி ஞாயிறு வந்து, மறுநாள் கட்டியவர்கள் ரிட்டர்ன் போடும்போது வட்டிக் கட்டத்தை ஒருமுறை கவனமாகப் பாருங்கள். மென்பொருள் 15-ம் தேதியை மட்டும் பார்த்து வட்டி போட்டிருந்தால், கைகொடுப்பது இந்தச் சுற்றறிக்கைதான்.)

இப்போது விஷயத்துக்கு வருவோம். தவணை வட்டியைச் சொல்வது 234சி பிரிவு. அது எத்தனை நாள் தாமதம் என்று எண்ணுவதே இல்லை. கெடு நாளில் உங்கள் கணக்கில் எவ்வளவு வரி சேர்ந்திருக்கிறது என்று பார்க்கிறது. குறைந்த தொகைக்கு மாதம் 1 சதவிகிதம் வீதம் மூன்று மாத வட்டியை அப்போதே போட்டுவிடுகிறது. கெடு முடிந்தபோது வாசகியின் பெயரில் இருந்தது பூஜ்யம். இருக்க வேண்டியது 15,000. அதற்கு 3 சதவிகிதம், 450 ரூபாய். கம்ப்யூட்டர் சரியாகத்தான் போட்டிருக்கிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அவர் அந்த 15,000 ரூபாயை ஜூன் 17-ல் கட்டாமல் செப்டம்பர் 15-ல் கட்டியிருந்தாலும் அதே 450 ரூபாய்தான். கெடுவைத் தவறவிட்டதும் பதறிப்போய், யாரிடமாவது கைமாற்று வாங்கி அன்று இரவே கட்டுவதால் ஒரு பைசாகூடக் குறையாது. வட்டி ஏற்கெனவே விழுந்துவிட்டது; அடுத்த கெடுவுக்குள் கட்டினால் போதும். இதை நான் சோம்பேறித்தனத்துக்கு யோசனையாகச் சொல்லவில்லை. சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

செப்டம்பர்: குறைத்துக் கட்டியும் வட்டி இல்லை

செப்டம்பர் 15-க்குள் அவர் கட்டியது, 15,000-மும் 22,250-மும் சேர்த்து 37,250 ரூபாய். இருக்க வேண்டியது 45,000. 7,750 ரூபாய் குறைகிறது. ஆனாலும் இந்தத் தவணைக்கு வட்டி பூஜ்யம்.

காரணம், முதல் இரண்டு தவணைகளுக்குச் சட்டம் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது. ஜூனில் 15-க்குப் பதில் 12 சதவிகிதம், செப்டம்பரில் 45-க்குப் பதில் 36 சதவிகிதம் கட்டியிருந்தாலே வட்டி கேட்பதில்லை. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் புரியும். 12 என்பது 15-ல் ஐந்தில் நான்கு பங்கு. 36 என்பது 45-ல் ஐந்தில் நான்கு பங்கு. ஆண்டின் தொடக்கத்தில் முழு ஆண்டு வருமானத்தை யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. வரி 80,000 வரும் என்று நினைத்து அதில் 15 சதவிகிதமாக 12,000 கட்டியவருக்கு, கடைசியில் ஒரு லட்சம் வந்தாலும் ஜூன் தவணைக்கு வட்டி வராது.

ஆனால் இந்தச் சலுகை ஒரு படிக்கட்டு மாதிரி இல்லை, ஒரு விளிம்பு மாதிரி. வாசகி செப்டம்பரில் 1,500 ரூபாய் குறைத்துக் கட்டியிருந்தார் என்று வையுங்கள். மொத்தம் 35,750 ஆகியிருக்கும். 36,000-க்கு 250 ரூபாய்தான் குறைவு. அந்த 250-க்கு மட்டும் வட்டி போடுவார்கள் என்று நினைத்தால் தவறு. விளிம்புக்குக் கீழே போய்விட்டால், கணக்கு மறுபடியும் 45,000-லிருந்து தொடங்கும். குறைவு 9,250 ரூபாய். வட்டி போடும் முன் இதை நூறின் மடங்காகக் கீழே இறக்குவார்கள், 9,200 ஆகும். அதற்கு 3 சதவிகிதம் 276 ரூபாய். நூறாக இறக்குவது 119ஏ விதி. நமக்குச் சாதகமான விதிகளில் ஒன்று என்பதால் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

டிசம்பர்: வாடகை கூடியதும் வந்த வினை

அக்டோபரில் ஒரு கடையின் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது, வாடகை கூடியது. ஆண்டு வரியும் கூடியது. வாசகி பழைய மதிப்பீட்டை மாற்றாமலே டிசம்பர் 10-ல் 20,000 ரூபாய் கட்டினார். மொத்தம் 57,250. இருக்க வேண்டியது 75,000. மூன்றாவது தவணைக்கு ஐந்தில் நான்கு பங்குச் சலுகை கிடையாது. டிசம்பருக்குள் ஆண்டின் முக்கால் பங்கு ஓடிவிட்டது, இனி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் எண்ணம் போலும்.

குறைவு 17,750, நூறாக இறக்கினால் 17,700. மூன்று மாதத்துக்கு 3 சதவிகிதம் 531 ரூபாய். ஜூனில் ஒரு நாள் தாமதித்ததை நினைத்து வருந்திக்கொண்டிருந்தவருக்கு அதைவிடப் பெரிய வட்டி வந்தது, கெடுவுக்கு ஐந்து நாள் முன்னதாகவே கட்டிய டிசம்பர் தவணையில்தான். தேதியை விடாமல் பார்த்தவர் தொகையைப் பார்க்கவில்லை.

இங்கே பலரும் கேட்கும் ஒரு சந்தேகம்: “ஜூனில் வாடகை கூடும் என்றே தெரியாதே, அப்போதைய மதிப்பீட்டை வைத்து வட்டி போடக் கூடாதா?” கூடாது. நான்கு தவணைகளுக்கும் அடிப்படை, ரிட்டர்னில் கடைசியாக வரும் வரிதான். சில வருமானங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பங்கு அல்லது சொத்து விற்ற லாபம், டிவிடெண்ட், லாட்டரி, முதல்முறையாக வந்த தொழில் வருமானம் போன்றவை எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அவற்றால் வந்த குறைவுக்கு, வருமானம் வந்த பிறகு மீதமுள்ள தவணைகளிலோ, தவணை ஏதும் மீதமில்லையென்றால் மார்ச் 31-க்குள்ளோ வரியைக் கட்டிவிட்டால் 234சி வட்டி வராது. மாதா மாதம் வரும் வாடகை இந்தப் பட்டியலில் இல்லை.

மார்ச்: கெடு முடிந்தும் கட்டியதால் என்ன லாபம்?

2026 மார்ச் 15-ம் ஞாயிறுதான். மறுநாளும் அவர் கட்டவில்லை. அன்றைய நிலவரம்: கட்டியது 57,250, இருக்க வேண்டியது முழு ஒரு லட்சம். குறைவு 42,750, நூறாக இறக்கினால் 42,700. கடைசித் தவணைக்கு மட்டும் மூன்று மாதம் இல்லை, ஒரே ஒரு மாத வட்டி. 427 ரூபாய்.

ஆக 234சி மொத்தம் 450, 0, 531, 427. கூட்டினால் 1,408 ரூபாய்.

மார்ச் 24-ல் அவர் கட்டிய 30,000 இந்த 427-ஐக் குறைக்கவில்லை. ஆனால் வீணாகவும் போகவில்லை. மார்ச் 31 வரை கட்டுவது எல்லாமே அட்வான்ஸ் டாக்ஸ்தான். ஏப்ரல் 1-ல் ஓடத் தொடங்கும் இன்னொரு வட்டியை அது வெகுவாகக் குறைத்தது.

ஏப்ரல் 1-க்குப் பிறகு: 2,750 ரூபாயில் கோட்டைவிட்ட கதை

அந்த இன்னொரு வட்டி 234பி. மார்ச் 31 முடியும்போது, நீங்கள் கட்டிய அட்வான்ஸ் டாக்ஸ், மிச்ச வரியில் 90 சதவிகிதத்தைத் தொட்டதா என்று மட்டும் அது பார்க்கிறது. தொட்டிருந்தால் வட்டி இல்லை. தொடவில்லையென்றால் குறைவு முழுவதற்கும் ஏப்ரல் முதல், கட்டும் மாதம் வரை மாதம் 1 சதவிகிதம்.

வாசகி கட்டியது 87,250. தொட வேண்டியது 90,000. மார்ச் 24-ல் 30,000-க்குப் பதில் 32,750 கட்டியிருந்தால் இந்தப் பிரிவு அவர் பக்கமே வந்திருக்காது. மிச்சம் 10,000 ரூபாயை ஜூலையில் 234பி வட்டி இல்லாமலே கட்டியிருக்கலாம். இப்போது குறைவு 12,750, நூறாக இறக்கினால் 12,700. ஏப்ரல், மே, ஜூன், ஜூலை என நான்கு மாதம். ஜூலையில் இருபது நாள்தான் ஆகிறது என்றாலும் ஒரு நாள் தொட்டாலே முழு மாதம். 12,700-க்கு 4 சதவிகிதம் 508 ரூபாய். ஜூன் 30-ல் கட்டியிருந்தால் 381. ஜூலை 1-ல் கட்டினாலும் ஜூலை 31-ல் கட்டினாலும் 508. மாதத்தின் கடைசி நாளுக்கும் அடுத்த மாதத்தின் முதல் நாளுக்கும் நடுவில்தான் இங்கே வித்தியாசம்.

மார்ச்சில் அந்த 30,000-ஐயும் கட்டாமல் எல்லாவற்றையும் ஜூலைக்குத் தள்ளியிருந்தால் 42,700-க்கு நான்கு மாதம், 1,708 ரூபாய் ஆகியிருக்கும்.

இரண்டு வட்டியும் சேர்த்து 1,408-ம் 508-ம், 1,916 ரூபாய். “ஏறக்குறைய 2,000” என்று அவர் எழுதியது இதுதான்.

ஜூலை 20-ல் எவ்வளவு கட்ட வேண்டும்?

12,750 அல்ல. வட்டியையும் சேர்த்து 14,666 ரூபாய். வட்டிக்குத் தனியாக நோட்டீஸ் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வரியை மட்டும் கட்டுபவர்கள் உண்டு. நீங்கள் கட்டும் பணம் முதலில் வட்டியில்தான் வரவாகும், பிறகுதான் வரியில். 12,750 கட்டினால் அதில் 1,916 வட்டிக்குப் போய், வரியில் 10,834 மட்டும் கழியும். இன்னும் 1,916 ரூபாய் வரி பாக்கி என்று கணக்கு நிற்கும். அதன் மேல் மாதா மாதம் வட்டி ஓடும்.

இந்தக் கூட்டலைப் போனிலேயே செய்ய விரும்புகிறவர்கள் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து, A வரிசையில் சலான் தேதிகளையும் B வரிசையில் தொகைகளையும் போடுங்கள். செப்டம்பர் கெடுவுக்குள் எவ்வளவு சேர்ந்தது என்பதை இந்த ஒரு வரி சொல்லிவிடும்:

```
=SUMIF(A:A,"<="&DATE(2025,9,15),B:B)
```

தேதியை மாற்றினால் மற்ற தவணைகளும் வந்துவிடும். கெடு ஞாயிறாக இருந்தால் 16 என்று போடுங்கள். கெடு நாள் மொத்தம் தெரிந்துவிட்டால், மீதி கழித்தலும் நூறாக இறக்குவதும்தான்.

எந்தத் தேதியைப் போடுவது என்பதில் ஒரு கவனம் வேண்டும். நீங்கள் வரித் தளத்தில் சலானை உருவாக்கிய நாள் வேறு, பணம் போய்ச் சேர்ந்த நாள் வேறாக இருக்கலாம். சலான் ரசீதில் `Date of Deposit` என்று இருப்பதே கணக்கில் வரும் தேதி. கெடு நாளன்று மாலையில் சலானை உருவாக்கிவிட்டு, பணத்தை மறுநாள் அனுப்பினால் முதல் தேதி உதவாது.

இன்னொன்று, `e-Pay Tax` பக்கத்தில் எந்த வகையைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது. மார்ச் 31 வரை கட்டுவதற்கு `Advance Tax (100)`. அதன் பிறகு அதே ஆண்டுக்குக் கட்டுவதற்கு `Self Assessment Tax (300)`. மார்ச் 24-ல் 300-ஐத் தட்டிவிட்டால், பணம் போய்ச் சேர்ந்தாலும் அட்வான்ஸ் டாக்ஸாக எண்ணப்படாமல் போகும் ஆபத்து இருக்கிறது. நீங்கள் போட்ட கணக்கைவிட வட்டி மிக அதிகமாகத் தெரிந்தால், நான் முதலில் பார்ப்பது இதைத்தான். அடுத்து மதிப்பீட்டு ஆண்டு. 2025-26 வருமானத்துக்கு 2026-27 என்று இருக்க வேண்டும். இரண்டும் சலானிலும் 26ஏ.எஸ். படிவத்திலும் தெரியும்.

வாசகி கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த ஆண்டு அவருக்கு இதுதான் பயன்படும். மேலே போட்ட கணக்கில் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டிய ஒவ்வொரு தேதியையும் பார்த்தோம். டி.டி.எஸ். எந்த மாதம் பிடிக்கப்பட்டது என்று ஓர் இடத்திலாவது பார்த்தோமா? இல்லை. ஆண்டு முழுவதும் பிடித்த டி.டி.எஸ்ஸை மொத்தமாகக் கழித்த பிறகுதான் தவணைக் கணக்கே தொடங்குகிறது. மார்ச் மாதச் சம்பளத்தில் பிடித்த வரியும் ஜூன் தவணையின் சுமையைக் குறைத்துவிடும். சம்பளம் வாங்குபவர், தன் வாடகை வருமானத்தை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அதற்கான வரியையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வருமானம் அலுவலகத்தில் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது. மற்றவர்கள், ஜனவரியில் முதலீட்டு விவரங்களைக் கொடுக்கும்போதே வாடகையையும் சொல்லலாம். வாசகியின் ஒரு லட்சமும் அப்படிச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டிருந்தால், அது ஜனவரி முதல் மார்ச் வரை மூன்றே மாதங்களில் பிடிக்கப்பட்டிருந்தாலும், நான்கு தவணைகளுக்கும் வட்டி பூஜ்யம்தான்.

அதே கடைகள் அறுபது வயதைத் தாண்டிய, தொழில் வருமானம் இல்லாத அவருடைய அம்மாவின் பெயரில் இருந்திருந்தால், அட்வான்ஸ் டாக்ஸ் என்ற பேச்சே எழாது. இந்தியாவில் வசிக்கும் அத்தகைய மூத்த குடிமக்கள், ரிட்டர்ன் போடும்போது மொத்த வரியையும் கட்டினால் போதும். அந்தச் சலுகை வயதுக்கும் வருமான வகைக்கும் உரியது. ஒரு சிறிய கடையைச் சொந்தமாக நடத்தி வருமானம் வந்தாலும் அது போய்விடும்.